பழைய நகலிலிருந்தே நூல் விலையை எடுத்துக்கொண்டிருந்த காஸ்டிங் ஷீட்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் விலைக் கணக்கு, அதாவது காஸ்டிங் போடுவது என் வேலை. ஒரு டி-ஷர்ட்டுக்கு வாங்குபவரிடம் என்ன விலை கேட்கலாம் என்பதை முடிவு செய்யும் அந்த எக்செல் ஷீட்டில், நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, காம்பாக்டிங் கூலி ஆகிய நான்கையும் நாங்கள் கையால் தட்டச்சு செய்வதில்லை. கொள்முதல் பிரிவு பராமரிக்கும் `YarnRate.xlsx` என்ற தனிக் கோப்பிலிருந்து அவை இணைப்பின் வழியாக வந்து சேரும். ஒரே விலையை நாற்பது ஷீட்டுகளில் நாற்பது முறை மாற்ற வேண்டியதில்லை என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்த ஏற்பாடே எங்களைத் தவறான விலை சொல்ல வைத்தது.

அது நூல் விலை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்த பருவம். விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரில் இரண்டு நாள் வேலைநிறுத்தமே நடந்தது. மில்கள் மாதத்தின் முதல் நாளில் புதிய விலையை அறிவிக்கும். கொள்முதல் பிரிவு அன்றே விலைக் கோப்பைத் திருத்திவிடும். இங்கு நான் தரும் விலைகள் எங்கள் உண்மையான விலைகள் அல்ல. தொழில் விவரம் என்பதால் எண்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவை மட்டும் அப்படியே இருக்கின்றன.

பதினெட்டாயிரம் பீஸ் கொண்ட ஓர் ஆர்டருக்கு விலை அனுப்பவிருந்த நாளில், எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் காகிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "ஏனுங்கண்ணா, மில்லு புரோஃபார்மாவுல கிலோ 450னு போட்டிருக்காங்க. நம்ம காஸ்டிங்ல 380 தானுங்க இருக்குது?" என்று கேட்டார். கணக்கு புதுப்பிக்கப்படவில்லை என்று நினைத்து, "F9 அடிச்சுப் பாரும்மா" என்றேன். "அடிச்சுட்டேனுங்க. திறக்கையில அப்டேட்டும் குடுத்தேனுங்க. அதேதான் வருது" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. கோப்பைத் திறக்கும்போது இணைப்புகளைப் புதுப்பிக்கவா என்று எக்செல் கேட்டது. அவர் `Update` அழுத்தினார். எக்செல் உண்மையாகவே மூலக் கோப்புக்குப் போய் விலையை எடுத்துக்கொண்டு வந்தது. ஆனால் அது போன இடம் முந்தைய நிதியாண்டின் கோப்புறை. அங்கே மார்ச் 31ஆம் தேதியோடு நின்றுபோன பழைய நகல் ஒன்று இருந்தது. அதில் முப்பதாம் நம்பர் கோம்ப்டு நூலின் விலை 380. எக்செல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதனால்தான் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, செல்லில் `#REF!` தோன்றவில்லை, எச்சரிக்கை நிறமும் இல்லை. அந்த நகலை யாராவது அழித்திருந்தால், மூலக் கோப்பைக் காணவில்லை என்று எக்செல் சொல்லியிருக்கும். அதைப் பத்திரமாக வைத்திருந்ததே எங்களுக்கு வினையாயிற்று.

இந்த இடத்தில் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இணைப்பு சரியான கோப்பைத்தான் காட்டுகிறது, ஆனால் யாரோ புதுப்பிக்காமல் விட்டதால் செல்லில் பழைய எண் நிற்கிறது என்பது ஒன்று. எக்செல் கடைசியாகப் பார்த்த எண்ணை நம் கோப்புக்குள்ளேயே சேமித்து வைத்திருப்பதால் இப்படி நேர்கிறது. `Update Values` கொடுத்தவுடன் அது சரியாகிவிடும். இணைப்பே பழைய நகலைக் காட்டுகிறது என்பது மற்றொன்று. அதை எத்தனை முறை புதுப்பித்தாலும் அதே பழைய எண்தான் வரும். ஆகவே புதுப்பித்தும் எண் மாறவில்லை, ஆனால் வெளியே விலை மாறியிருப்பது உறுதியாகத் தெரியும் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது கோப்பின் பாதையை. F9 இந்த இரண்டுக்குமே உதவாது. அது திறந்திருக்கும் கோப்புகளின் கணக்கைத்தான் மீண்டும் போடும். மூடியிருக்கும் மூலக் கோப்பை எட்டிப் பார்க்காது.

பாதையைப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நூல் விலை இருந்த `D11` செல்லில் நின்று ஃபார்முலா பட்டையைப் பார்த்தபோது, விலைக் கோப்பும் என் கணினியில் திறந்திருந்தது. மூலக் கோப்பு திறந்திருக்கும்போது எக்செல் கோப்பின் பெயரை மட்டும் காட்டும். அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதைக் காட்டாது. பெயர் இரண்டு ஆண்டுகளிலும் ஒன்றேயாதலால், அதைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எல்லாவற்றையும் மூடிவிட்டு, காஸ்டிங் ஷீட்டை மட்டும் தனியாகத் திறந்த பிறகுதான் முழுப் பாதை கண்ணில் பட்டது.

```
='D:\Costing\2021-22\[YarnRate.xlsx]Rates'!$C$7
```

நிதியாண்டு 2022-23 தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அடுத்து, சாயக் கூலி இருந்த `D13` செல்லுக்குப் போனேன். அதிலோ பாதை `D:\Costing\2022-23\` என்று சரியாக இருந்தது. ஒரே ஷீட்டில், இரண்டு வரி இடைவெளியில், ஒரு செல் பழைய ஆண்டிலிருந்தும் மற்றொன்று புதிய ஆண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டிருந்தன. ஏப்ரல் பாதியில் சாயக் கூலி உயர்ந்தபோது அந்த ஒரு செல்லை மட்டும் ஒருவர் புதிய கோப்பைத் திறந்து மறுபடி இணைத்திருக்கிறார். முழுவதும் பழையதாக இருக்கும் ஷீட்டை எவரும் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். சாயக் கூலி சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு மொத்தமும் சரி என்று நம்பிவிடுவதால், இப்படிக் கலந்து நிற்பதுதான் அதிக ஆபத்தானது.

அந்த ஆர்டரில் இதன் விலை என்ன என்பதை அன்றே போட்டுப் பார்த்தோம். நிட்டிங் 14, சாயம் 95, காம்பாக்டிங் 10 என மூன்றும் சேர்ந்து கிலோவுக்கு 119 ரூபாய். நூல் 380 என்றால் கூட்டுத்தொகை 499. எட்டு விழுக்காடு கழிவு போக, துணி கிலோ 542.39 ரூபாயாகிறது. நூல் 450 என்றால் கூட்டுத்தொகை 569, துணி 618.48. ஒரு பீஸுக்கு 220 கிராம் துணி போகும் என்பதால், வித்தியாசம் பீஸுக்கு 16 ரூபாய் 74 காசு. பதினெட்டாயிரம் பீஸுக்கு அது மூன்று லட்சத்து ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. டி-ஷர்ட்டில் எங்களுக்கு நிற்கும் லாபத்தை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

பிறகு `Data` தாவலில் உள்ள `Edit Links` பெட்டியைத் திறந்தேன். நாங்கள் பயன்படுத்துவது எக்செல் 2016. புதிய பதிப்புகளில் இதே வேலைக்கு `Workbook Links` என்ற பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டியில் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டிலும் `YarnRate.xlsx` என்றே இருந்தது. ஒரே கோப்பு ஏதோ காரணத்தால் இரண்டு முறை வந்திருக்கிறது என்று எண்ணிக் கடந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியே தேர்ந்தெடுத்தால்தான் பெட்டியின் கீழ்ப்பகுதியில் `Location` என்ற இடத்தில் அதன் கோப்புறை தெரியும். ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால், அவை இரண்டு வெவ்வேறு இடங்களில் உள்ள இரண்டு கோப்புகள். `Check Status` அழுத்தியபோது இரண்டுக்கும் `OK` என்றே வந்தது. அந்தச் சொல்லுக்குக் கோப்பு கிடைத்தது, மதிப்பு அதனோடு ஒத்துப்போகிறது என்பது மட்டுமே பொருள். நமக்கு வேண்டிய கோப்பு அதுதானா என்பது எக்செலுக்குத் தெரிய வழியில்லை.

அவசரத்தில் இருந்ததால் `Ctrl+H` போட்டு, `Within` என்ற இடத்தில் `Workbook` என்று தேர்ந்தெடுத்து, `2021-22` என்பதை `2022-23` என்று மாற்றச் சொன்னேன். இந்த முறை செல்களில் வேலை செய்யும். ஆனால் மாற்றிய பாதையில் அந்தக் கோப்பு இல்லையென்றால், கோப்பு எங்கே என்று கேட்டு ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பெட்டி திறந்துகொண்டே இருக்கும் என்பதால், பாதையை முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது. பதினான்கு செல்கள் மாறின. மறுபடி `Edit Links` திறந்தால், பழைய கோப்பு இன்னும் பட்டியலில் இருந்தது.

செல்களில் `[` குறியைத் தேடிப் பார்த்தேன். எங்கும் பழைய பாதை இல்லை. ஒளித்து வைத்த ஷீட்டுகளையும் வெளியே கொண்டுவந்து தேடினேன், அங்கும் இல்லை. கடைசியில் `Ctrl+F3` அழுத்தி `Name Manager` திறந்தபோதுதான் விடை கிடைத்தது. கழிவு விழுக்காட்டுக்கு `LOSS` என்று பெயர் வைத்து, துணி விலை ஃபார்முலாவில் அந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தோம். அந்தப் பெயர் சுட்டியது பழைய ஆண்டுக் கோப்பின் `F2` செல்லை. ஃபார்முலா பட்டையில் தெரிவதோ இவ்வளவுதான்:

```
=SUM(D11:D14)/(1-LOSS)
```

இதில் கோப்பின் பெயரோ சதுர அடைப்புக்குறியோ இல்லாததால் தேடலில் சிக்காது. `Ctrl+H` பெயர்களுக்குள் நுழைந்து மாற்றவும் செய்யாது. கழிவு இரண்டு ஆண்டுகளிலும் எட்டு விழுக்காடாகவே இருந்ததால் எண்ணிலும் வித்தியாசம் தெரியவில்லை. அடர் நிறச் சாயத்துக்குக் கழிவை உயர்த்தும் நாளில், எவரும் எதிர்பாராத இடத்தில் அது வெளிப்பட்டிருக்கும். செல்களிலும் பெயர்களிலும் இல்லாமல் இணைப்பு பட்டியலில் மட்டும் நிற்கிறதென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியவை `Data Validation` பட்டியல்கள், `Conditional Formatting` விதிகள், வரைபடங்களின் தரவு வரம்புகள் ஆகியவை. எங்கள் ஷீட்டுகளில் பெயர்களைத் தாண்டி வேறு எங்கும் அப்படிக் கிடைக்கவில்லை.

கையால் தேடி மாற்றுவதைவிட, அதே பெட்டியில் உள்ள `Change Source` மூலம் புதிய கோப்பைக் காட்டுவதே முறையானது. ஒரு மூலத்தைச் சார்ந்த எல்லா இணைப்புகளையும் அது ஒன்றாக மாற்றும். `LOSS` பெயரும் அதில் மாறியது. பக்கத்திலேயே இருக்கும் `Break Link` பொத்தானை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அது ஃபார்முலாவை நீக்கிவிட்டு, அந்தக் கணத்தில் செல்லில் இருக்கும் எண்ணை, அதாவது பழைய 380ஐயே, நிரந்தரமாக எழுதி வைத்துவிடும். பட்டியல் காலியாகும், தவறு மட்டும் கல்வெட்டாகிவிடும். அதைத் திரும்பப் பெறவும் முடியாது.

இவ்வளவும் செய்தபின் `D11` செல்லைப் பார்த்தேன். அதில் 415 என்று இருந்தது.

எனக்கு இன்றும் கலக்கம் தருவது இந்த இடம்தான். எண் மாறிவிட்டது, விலை ஏறியிருக்கிறது, பாதை சரியாக இருக்கிறது. மில்லின் புரோஃபார்மா மேசையில் இல்லாமல் இருந்திருந்தால், நான் 415ஐ ஏற்றுக்கொண்டு விலையை அனுப்பியிருப்பேன். புதிய விலைக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, ஏழாவது வரிசையில் முப்பதாம் நம்பர் கார்டட் நூல் இருந்தது. கோம்ப்டு எட்டாவது வரிசைக்கு இறங்கியிருந்தது. ஏப்ரலில் கொள்முதல் பிரிவு ஒரு புதிய வரிசையை நடுவில் நுழைத்திருக்கிறது. இரண்டு கோப்புகளும் திறந்திருக்கும்போது வரிசை நுழைத்தால், எக்செல் இணைப்பையும் சேர்த்து நகர்த்திவிடும். காஸ்டிங் ஷீட் மூடியிருக்கும்போது நுழைத்தால், அதற்கு எதுவும் தெரியாது. அது `$C$7` என்ற முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். பழைய நகலிலிருந்து புதிய நகலுக்கு இணைப்பை மாற்றும்போது, இடைப்பட்ட காலத்தில் மூலத்தில் நடந்த ஒவ்வொரு நுழைப்பும் நீக்கமும் நம் தலையில் ஒரே நேரத்தில் வந்து விழும். ஆகவே மூலத்தை மாற்றிய பிறகு ஒவ்வொரு எண்ணையும் அதன் பெயரோடு வைத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. எண் மாறியிருக்கிறது என்பது இணைப்பு வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. சரியான வரிசையிலிருந்து வருகிறது என்பதற்குச் சான்று அன்று.

அன்று மாலையே முகவரியைப் பிடிக்கும் முறையைக் கைவிட்டோம். விலைக் கோப்பின் முதல் நெடுவரிசையில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறியீடு கொடுத்தோம். காஸ்டிங் ஷீட்டின் `B11` செல்லில் `30-CMB` என்று குறியீட்டை எழுதினால், அதை வைத்து விலையைத் தேடி எடுக்கும்படி ஃபார்முலாவை மாற்றினோம்.

```
=VLOOKUP($B11,'D:\Costing\2022-23\[YarnRate.xlsx]Rates'!$A$5:$C$60,3,FALSE)
```

மூலக் கோப்பு மூடியிருந்தாலும் இது வேலை செய்யும். பட்டியல் அறுபதாவது வரிசையைத் தாண்டாதவரை, நடுவில் எத்தனை வரிசை நுழைத்தாலும் குறியீடு இருக்கும் இடத்திலிருந்தே விலை வரும். குறியீடு நீக்கப்பட்டிருந்தால் `#N/A` என்று வெளிப்படையாகச் சொல்லும். கடைசியில் உள்ள `FALSE` விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் வேறொரு நூலின் விலையை எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். வரம்பை முழு நெடுவரிசையாகக் கொடுக்காமல் அறுபது வரிசைக்குள் நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. வெளிக் கோப்பிலிருந்து சுட்டப்படும் வரம்பின் மதிப்புகளை எக்செல் நம் கோப்புக்குள் பிரதி எடுத்து வைப்பதால், தேவையில்லாமல் பெரிய வரம்பு கொடுத்தால் கோப்பும் பெருத்துவிடும்.

ஒரு ஷீட் சரியாயிற்று. `D:\Costing\Styles\` கோப்புறையில் மேலும் நாற்பது ஷீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து பெட்டியைப் பார்ப்பதற்குப் பதிலாக, இந்தச் சிறு மேக்ரோவை ஒரு வெற்றுக் கோப்பில் எழுதி ஓட்டினோம்.

```vba
Sub ListLinks()
    Dim f, wb, v, x
    Const P = "D:\Costing\Styles\"
    f = Dir(P & "*.xlsx")
    Do While f <> ""
        Set wb = Workbooks.Open(P & f, UpdateLinks:=0, ReadOnly:=True)
        v = wb.LinkSources(xlExcelLinks)
        If Not IsEmpty(v) Then
            For Each x In v
                Debug.Print f, x
            Next x
        End If
        wb.Close False
        f = Dir
    Loop
End Sub
```

இது எந்தக் கோப்பையும் மாற்றாது. புதுப்பிக்காமல், படிக்க மட்டும் திறந்து, ஒவ்வொரு ஷீட்டும் எந்தெந்த மூலத்தைச் சார்ந்திருக்கிறது என்பதை முழுப் பாதையோடு எழுதிவிடும். மேக்ரோ எழுதும் சாளரத்தில் `Ctrl+G` அழுத்தினால் பட்டியல் தெரியும். முப்பத்தேழு ஷீட்டுகளில் பழைய பாதை இருந்தது. மூன்றில் மட்டும் இல்லை.

அந்த மூன்று மட்டும் எப்படித் தப்பின என்பதை அறிய ஒரு நாள் ஆயிற்று. ஏப்ரல் முதல் வாரத்தில் கொள்முதல் பிரிவில் ஒருவர் என் கணினியில் உட்கார்ந்து, விலைக் கோப்பைத் திறந்து, `Save As` மூலம் புதிய ஆண்டுக் கோப்புறையில் சேமித்திருக்கிறார். அந்த நேரத்தில் என் மூன்று காஸ்டிங் ஷீட்டுகள் அதே எக்செலில் திறந்திருந்தன. மூலக் கோப்பை வேறு இடத்தில் சேமிக்கும்போது, உடன் திறந்திருக்கும் ஷீட்டுகளின் இணைப்புகள் மட்டும் புதிய இடத்துக்குத் தாமாகவே மாறிக்கொள்ளும். அன்று மாலை அவற்றைச் சேமித்தபோது அந்த மாற்றம் நிலைத்துவிட்டது. மூடியிருந்தவை பழைய இடத்திலேயே நின்றன. நாங்கள் அடிக்கடி திறந்து பார்த்து, "இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தது இந்த மூன்றையும் வைத்துத்தான்.

காஸ்டிங் ஷீட்டும் விலைக் கோப்பும் ஒரே கோப்புறையில் இருந்து, அந்தக் கோப்புறை முழுவதையும் நகல் எடுத்திருந்தால் கதை வேறு. அருகிலிருக்கும் கோப்பை எக்செல் சார்புப் பாதையாக வைத்துக்கொள்வதால், நகலில் உள்ள ஷீட் நகலில் உள்ள விலைக் கோப்பையே பார்க்கும். எங்களுடையவை தனித்தனிக் கோப்புறைகளில் இருந்ததால் அந்த வாய்ப்பும் இல்லை.

முப்பத்தேழு ஷீட்டுகளையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவற்றில் இருபத்தைந்து, மார்ச்சுக்குள் விலை பேசி முடித்து, ஆர்டர் உறுதியான ஸ்டைல்கள். அவற்றுக்கு 380 என்பது அன்று வாங்கிய நூலின் உண்மையான விலை. அதைப் புதிய கோப்புக்கு மாற்றினால், நாளை ஒருவர் அந்த ஆர்டரில் லாபம் எவ்வளவு நின்றது என்று பார்க்கும்போது பொய்க் கணக்கு கிடைக்கும். அந்த இருபத்தைந்தில், எண்களை அப்போதைய கொள்முதல் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, `Break Link` கொடுத்து மதிப்புகளாகவே நிறுத்தி, எந்தத் தேதியின் விலை என்பதைத் தலைப்பில் எழுதிவைத்தோம். அந்தப் பொத்தானுக்கு உரிய இடம் இதுதான். மீதிப் பன்னிரண்டும் பேச்சில் இருந்த ஸ்டைல்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, மூலத்தை மாற்றி, குறியீட்டு முறைக்குக் கொண்டுவந்து, நூல் பெயரோடு விலையை வாய்விட்டு ஒருவர் படிக்க மற்றொருவர் சரிபார்த்தோம். அந்தப் பன்னிரண்டில் இரண்டுக்கு ஏற்கனவே பழைய விலையில் மின்னஞ்சல் போயிருந்தது. ஒன்றை வாங்குபவரிடம் விளக்கித் திருத்திக்கொள்ள முடிந்தது. நாலாயிரம் பீஸ் கொண்ட மற்றொன்றை அவர்கள் உறுதிசெய்துவிட்டதால், கிட்டத்தட்ட அறுபத்தேழாயிரம் ரூபாய் குறைவை நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

மாற்றம் முழுமையானதா என்பதற்கு நாங்கள் செய்த சோதனை எளிமையானது. இன்றும் அதையே செய்கிறோம். பழைய ஆண்டின் விலைக் கோப்பின் பெயரை `YarnRate_2021-22_closed.xlsx` என்று மாற்றினோம். பிறகு ஒவ்வொரு ஷீட்டிலும் `Check Status` கொடுத்தோம். இன்னும் பழையதைப் பற்றிக்கொண்டிருக்கும் ஷீட் எதுவாக இருந்தாலும், `OK` என்பதற்குப் பதிலாக மூலம் கிடைக்கவில்லை என்று அங்கே சொல்லிவிடும். செல்லைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூலம் காணாமல் போனாலும், சேமித்து வைத்த பழைய எண்ணையே செல் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஷீட் அப்படிச் சிக்கியது. அதிலும் ஒரு பெயர்தான் ஒளிந்திருந்தது.

விலைக் கோப்பிலும் ஒன்று சேர்த்தோம். `F1` செல்லில், விலை எந்தத் தேதியிலிருந்து நடப்பு என்பதைக் கொள்முதல் பிரிவு கையால் எழுதும். எல்லாக் காஸ்டிங் ஷீட்டுகளின் மேற்பகுதியிலும், மொத்த விலைக்குப் பக்கத்திலேயே, அந்தத் தேதி இணைப்பின் வழியாக வந்து நிற்கும். `TODAY()` போட்டால் எந்த நகலும் இன்றைய தேதியையே காட்டும் என்பதால் பயனில்லை. கோப்பின் பாதையைத் தானே சொல்லும் `CELL("filename",A1)` ஃபார்முலாவை முயன்று பார்த்தோம். ஆனால் கோப்பை வெளியிலிருந்து நகல் எடுத்து ஒருமுறைகூடத் திறந்து சேமிக்காமல் இருந்தால், அதில் பழைய பாதையே பதிந்திருக்கும். கையால் எழுதிய தேதியோ, எந்த நகலுக்குப் போனாலும் அந்த நகலில் உள்ள விலையின் வயதையே சொல்கிறது. மே மாதத்தில் ஷீட்டின் தலையில் மார்ச் தேதி நின்றால், விலை அனுப்பும் பெண்ணே நிறுத்திக் கேட்டுவிடுவார்.

நகல் எடுக்கும் திசையையும் மாற்றிக்கொண்டோம். நடப்பு விலைக் கோப்பு இப்போது `D:\Costing\Rates\YarnRate.xlsx` என்ற ஒரே இடத்தில், ஆண்டு மாறினாலும் இடம் மாறாமல் இருக்கிறது; கோப்புறைப் பெயரில் ஆண்டு இல்லை. ஏப்ரல் முதல் தேதியில் அதை மூடிவைத்து, எக்செலுக்கு வெளியே ஒரு நகல் எடுத்து, அந்த நகலுக்கு ஆண்டோடு பெயர் மாற்றி, பழைய கோப்புகளுக்கான இடத்துக்கு அனுப்புகிறோம். முன்பெல்லாம் பழையது இருந்த இடத்திலேயே நிற்க, புதியது வேறிடம் போகும். அதனால் இணைப்புகள் பழையதோடு தங்கிவிட்டன. 2023 ஏப்ரலில் முதன்முறையாக இந்த வழியில் ஆண்டை மாற்றிவிட்டு அந்த மேக்ரோவை ஓட்டிப் பார்த்தேன். இணைப்பு உள்ள எல்லா ஷீட்டுகளுக்கும் எதிரே ஒரே ஒரு பாதைதான் வந்தது.